கூடங்குளத்தில் எந்த மணி அடித்தது? பர்ப்பிள் டீம் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

கன்னியாகுமரியிலிருந்து அஞ்சுகிராமம் வழியாகப் போனால் மாவட்ட எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே கூடங்குளம் வந்துவிடும். திருநெல்வேலி மாவட்டம்தான் என்றாலும் அணுமின் நிலையத்தைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் நாகர்கோவில் டீக்கடைகளில் அது உள்ளூர்ச் செய்தி. 2019 அக்டோபர் கடைசியில் வந்த செய்தியும் அப்படித்தான் பேசப்பட்டது. "அணு உலையை ஹேக் பண்ணிட்டானாம்" என்றார்கள் ஒரு பக்கம். "அதெல்லாம் வெளி இணைப்பே இல்லாதது, சும்மா புரளி" என்றார்கள் மறுபக்கம். பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் விவாதம் இந்த இரண்டுக்கும் நடுவேதான் ஓடியது. அப்போது கேட்கப்படாத ஒரு கேள்வியைப் பற்றியதுதான் இந்தக் குறிப்பு.

நடந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிட்ராக் என்ற உளவு நிரலின் ஒரு மாதிரி வைரஸ்டோட்டல் தளத்தில் ஏறியிருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே `KKNPP\administrator` என்ற கணக்குப் பெயரையும் அதற்கான கடவுச்சொல்லையும் ஒரு உள்வலை ஐ.பி. முகவரியையும் நேரடியாக எழுதப்பட்ட நிலையில் கண்டார்கள். அக்டோபர் 28 அன்று, முன்பு என்.டி.ஆர்.ஓ.வில் பணியாற்றிய புக்ராஜ் சிங், டொமைன் கன்ட்ரோலர் அளவுக்கான அனுமதி பறிபோயிருப்பதாகவும் அரசுக்கு முன்பே தகவல் சொல்லப்பட்டுவிட்டதாகவும் ட்விட்டரில் எழுதினார். 29ஆம் தேதி நிலையம் மறுத்தது: கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து நிற்கிறது, இணையத்தோடு இணைக்கப்படவில்லை, அதன் மீது சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை. 30ஆம் தேதி இந்திய அணுமின் கழகம் வேறொரு அறிக்கை விட்டது. நிரல் கண்டறியப்பட்டது உண்மைதான். செப்டம்பர் 4 அன்று செர்ட்-இன் தகவல் தந்தது. பாதிக்கப்பட்ட கணினி நிர்வாகப் பணிகளுக்கான, இணையத்தோடு இணைந்த வலையில் இருந்த ஒருவருடையது. முக்கியமான உள்வலை அதிலிருந்து பிரிக்கப்பட்டது.

இரண்டு அறிக்கைகளையும் எதிர்த் தரப்பின் ட்வீட்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் எல்லோரும் எதுவரை போனான் என்பதைப் பற்றியே பேசுவது தெரியும். உலையைத் தொட்டானா, தொடவில்லையா? தொடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு அந்த 30ஆம் தேதி அறிக்கையில் உறுத்துவது ஒரே ஒரு வரி: தகவல் தந்தது செர்ட்-இன். அதாவது மணி அடித்தது வெளியே. நிர்வாக வலைக்குள்ளே, அந்தக் கணினியிலோ அது தொட்ட கணினியிலோ டொமைன் கன்ட்ரோலரிலோ, எந்த எச்சரிக்கை எழுந்தது என்பது இரண்டு அறிக்கையிலும் பேச்சே இல்லை. வலை பிரிக்கப்பட்டிருக்கிறது என்பது பூட்டைப் பற்றிய பதில். நான் கேட்பது நாயைப் பற்றி. குரைத்ததா?

இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது. பர்ப்பிள் டீம் என்பார்கள். தாக்கிப் பார்க்கிறவர்கள் சிவப்பு அணி, காக்கிறவர்கள் நீல அணி. இரண்டையும் கலந்தால் ஊதா, நம்மூர் வழுதலங்காய் நிறம். வழக்கமான ஊடுருவல் சோதனையில் சிவப்பு அணி ரகசியமாக நுழைந்துவிட்டு மாதக் கடைசியில் ஒரு அறிக்கை தரும். இங்கே ரகசியம் கிடையாது. இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே ஒரு தாக்குதல் நுட்பத்தை எடுத்துக்கொள்வார்கள். "இப்போ ஓட்டுறேன்" என்று சொல்லி ஓட்டுவார்கள். எந்த எச்சரிக்கை வந்தது, எது வரவில்லை, ஏன் என்று அந்த இடத்திலேயே பார்ப்பார்கள். திருத்திவிட்டு மறுபடி ஓட்டுவார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது நடக்கிற விதத்தில்தான் எனக்குச் சண்டை. நான் பார்த்த பல அறிக்கைகள் ஒரு வண்ணப் பட்டியலாக முடிகின்றன. மைட்டர் அட்டாக் என்ற நுட்பங்களின் பெரிய அட்டவணையில் ஒவ்வொரு நுட்பத்துக்கும் ஒரு கட்டம். ஒரு கட்டளை ஓட்டுவார்கள், எச்சரிக்கை வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. ஒரு மதியத்தில் முப்பது கட்டம் நிறம் மாறிவிடும். அந்தப் பச்சை எதைச் சொல்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு கட்டத்தையாவது பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். கூடங்குளம் மாதிரியிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

அந்த மாதிரி செய்த வேலையில் கடைசிப் பகுதி இதுதான். கணினியில் ஓடும் நிரல்கள், வலை இணைப்புகள், உலாவி வரலாறு, கோப்புப் பட்டியல் எல்லாவற்றையும் திரட்டிச் சுருக்குகிறது. பிறகு `net use` கட்டளை மூலம் உள்வலையில் இருந்த இன்னொரு கணினியின் `C$` பகிர்வை, அந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கை வைத்துத் திறக்கிறது. சுருக்கிய கோப்பை அங்கே `Windows\Temp\MpLogs` என்ற கோப்புறைக்குள் நகர்த்துகிறது. இணைப்பைத் துண்டிக்கிறது. விண்டோஸ் டிஃபெண்டரின் பதிவுக் கோப்புறை போலத் தோன்றும் பெயர் என்பதைக் கவனியுங்கள்.

`C$` என்பது விண்டோஸ் தானாகவே வைத்திருக்கும் நிர்வாகப் பகிர்வு. அட்மின் உரிமை உள்ளவர் எவரும் வலை வழியாக அந்தக் கணினியின் சி டிரைவ் முழுவதையும் திறக்கலாம். அட்டாக் அட்டவணையில் இதன் எண் `T1021.002`. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உள்வலைக் கடவுச்சொல் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது என்றால், இந்தப் பிரதி தயாராகும் முன்பே எவனோ உள்ளே வந்து அதை எடுத்துவிட்டான் என்று அர்த்தம். ஆக இது முதல் நுழைவு அல்ல. மணி அடிக்கக் கிடைத்த இன்னொரு வாய்ப்பு.

இதை ஒரு சிறு ஆய்வகத்தில் ஓட்டிப் பார்த்தோம். நாகர்கோவிலில் என் வீட்டு மாடியில், மெய்நிகர் கணினிகளாக: ஒரு டொமைன் கன்ட்ரோலர், `PC1` என்ற பயனர் கணினி, `FS1` என்ற கோப்புச் சர்வர், பதிவுகளைச் சேர்த்து எச்சரிக்கை தரும் வாஸூ சர்வர். ஒரு கண்காணிப்பு மையத்தில் ஷிப்ட் பார்க்கும் நண்பர் காக்கிற தரப்பு, நான் தாக்குகிற தரப்பு. `PC1`இல் சிஸ்மான் நிறுவி அதன் பதிவுகளையும் வாஸூவுக்கு அனுப்பினோம். இதை நாமே சேர்க்க வேண்டும். வாஸூ தானாக எடுத்துக்கொள்வதில்லை.

ஓட்டுவதற்கு முன்னால் ஒரு தாளில் நண்பரை எழுதச் சொன்னேன்: எந்தக் கணினியில் எந்தப் பதிவு பிறக்கும், எந்த விதி அதைப் பிடிக்கும், எத்தனை நிமிடத்தில் திரையில் வரும். இந்தத் தாள் இல்லாமல் பயிற்சி நடத்துகிறவர்கள் பாதி வேலையை விட்டுவிடுகிறார்கள் என்பது என் கருத்து. எழுதி வைக்காவிட்டால், ஏதோ ஒரு எச்சரிக்கை வந்தவுடன் "ஆமா, இதத்தான் எதிர்பார்த்தோம்" என்று சொல்வது மனித சுபாவம்.

முதல் ஓட்டம், மாதிரியில் இருந்தது போலவே:

```
net use \\10.10.5.20\C$ /user:LAB\administrator *
move /y %TEMP%\a.zip \\10.10.5.20\C$\Windows\Temp\MpLogs\
net use \\10.10.5.20\C$ /delete
```

அட்டாமிக் ரெட் டீம் என்ற இலவசச் சோதனைத் தொகுப்பிலும் இதற்கான ஓட்டம் தயாராக இருக்கிறது. கையால் தட்டச்சு செய்ததற்குக் காரணம் உண்டு. அந்தத் தொகுப்பு பவர்ஷெல்லில் இருந்து ஓடும். பவர்ஷெல் ஒரு கட்டளைச் சாளரத்தைத் திறந்து அதிலிருந்து `net.exe` பிறந்தால், அந்தப் பரம்பரையையே சந்தேகிக்கும் விதிகள் உண்டு. அப்போது பிடிபடுவது சோதனைக் கருவி. உண்மையான திருடன் அந்தக் கருவியோடு வரமாட்டான்.

முடிவு: சிஸ்மான் `net.exe` பிறந்ததை முழுக் கட்டளையோடு பதிந்தது. சிக்மா பொது விதித்தொகுப்பில் இருந்து நண்பர் வாஸூவுக்கு மாற்றி வைத்திருந்த, நிர்வாகப் பகிர்வை `net.exe` மூலம் இணைப்பதைத் தேடும் விதி உடனே எழுந்தது. கட்டம் பச்சை. பெரும்பாலான பயிற்சிகள் இங்கேயே கைதட்டிவிட்டு அடுத்த நுட்பத்துக்குப் போய்விடும்.

நாங்கள் போகவில்லை. இரண்டாவது ஓட்டத்தில் அதே பகிர்வை, அதே கணக்கில், வேறு கதவு வழியாகத் திறந்தேன்:

```
New-PSDrive -Name Z -PSProvider FileSystem -Root \\10.10.5.20\C$ -Credential LAB\administrator
```

நண்பரின் விதி அசையவில்லை. ஏன் அசைய வேண்டும்? `net.exe` ஓடவே இல்லையே. நிரல் எழுதத் தெரிந்த எவரும் விண்டோஸின் இணைப்புச் சார்பை நேரடியாக அழைத்தே இதைச் செய்யலாம், கட்டளை வரியே தேவையில்லை. டிட்ராக் எழுதியவர் கட்டளையைப் பயன்படுத்தியது அவர் வசதிக்கு. முதல் ஓட்டத்தில் கிடைத்த பச்சை `T1021.002` என்ற நுட்பத்தைப் பிடித்ததற்கான பச்சை அல்ல, `net.exe` என்ற ஒரு நிரலைப் பிடித்ததற்கான பச்சை.

ஆனால் சுத்தமான மௌனமும் இல்லை. `FS1` பக்கத்தில் இருந்து வேறொரு எச்சரிக்கை வந்திருந்தது. தேடிப் பார்த்தால் முதல் ஓட்டத்துக்கும் வந்திருக்கிறது. வாஸூவோடு வரும் விதிகளில் ஒன்று அது: வலை வழி உள்நுழைவு என்.டி.எல்.எம். முறையில் நடந்துள்ளது, 'பாஸ்-த-ஹேஷ்' தாக்குதலாக இருக்கலாம் என்கிறது. நாங்கள் செய்தது பாஸ்-த-ஹேஷ் அல்ல. கடவுச்சொல்லைக் கொடுத்துத்தான் நுழைந்தோம். சரி, பெயர் தப்பானாலும் மணி மணிதானே என்று தோன்றும். நண்பரிடம் கேட்டேன், ராத்திரி ஷிப்டில் இது வந்தால் என்ன செய்வீங்க என்று. "க்ளோஸ் பண்ணிருவேன். ஒரு நாளைக்கு எத்தனை வரும் தெரியுமா?" என்றார். நேர்மையான பதில். பிரிண்டரில் இருந்து பழைய கணக்கு மென்பொருள் வரை என்.டி.எல்.எம். பயன்படுத்தும் எதுவும் இந்த மணியை அடிக்கும்.

என்.டி.எல்.எம். ஏன் வந்தது என்பதும் சுவாரசியமானது. கட்டளையில் நான் சர்வரின் பெயரைக் கொடுக்கவில்லை, ஐ.பி. முகவரியைக் கொடுத்தேன், கூடங்குளம் மாதிரியில் இருந்தது போல. டொமைனுக்குள் விண்டோஸ் சாதாரணமாக கெர்பராஸ் முறையைத்தான் விரும்பும். ஆனால் கெர்பராஸ் சீட்டு சேவையின் பெயருக்கு எழுதப்படுவது. வெறும் முகவரிக்கு இயல்பாகக் கிடைக்காது. அதனால் பழைய முறைக்கு இறங்கிவிடுகிறது. டொமைன் கன்ட்ரோலரிலும் அதற்கேற்பத் தடயம் மாறும்: முகவரி கொடுத்தால் 4776 என்ற சரிபார்ப்புப் பதிவு, பெயர் கொடுத்தால் 4769 என்ற சீட்டுப் பதிவு.

எனவே மூன்றாவது ஓட்டத்தில் `PC1`இல் அட்மினிஸ்ட்ரேட்டராகவே உள்நுழைந்துகொண்டு, எந்த இணைப்புக் கட்டளையும் இல்லாமல், பெயரைச் சொல்லி நேராகக் கோப்பை நகலெடுத்தேன்:

```
copy a.zip \\FS1\C$\Windows\Temp\
```

இப்போது `net.exe` விதியும் இல்லை, என்.டி.எல்.எம். மணியும் இல்லை. `FS1`இல் 4624 என்ற சாதாரண உள்நுழைவுப் பதிவு, வகை 3, அவ்வளவுதான். அலுவலகத்தில் காலையில் எல்லோரும் கோப்புச் சர்வரைத் திறக்கும்போது நூற்றுக்கணக்கில் பிறக்கும் அதே பதிவு. ஒரே நுட்பம், மூன்று ஓட்டம். ஒரு பச்சை, ஒரு தப்பான பெயரிட்ட மணி, ஒரு மௌனம். இதில் அட்டவணைக் கட்டத்துக்கு என்ன நிறம் அடிப்பது?

மூன்று ஓட்டத்துக்கும் பொதுவானது எது என்று தேடுவதுதான் இந்த இடத்தில் சரியான வேலை. தாக்குகிறவன் தன் பக்கத்தில் எந்தக் கருவியையும் மாற்றலாம். ஆனால் எதிர்ப்பக்கத்தில் `FS1` தன் `C$` பகிர்வைத் திறந்துகொடுத்தே ஆக வேண்டும். அதற்கு ஒரு பதிவு உண்டு, 5140: இன்ன கணக்கு, இன்ன முகவரியிலிருந்து, இன்ன பகிர்வைத் திறந்தது. நண்பரின் தாளிலும் அது எழுதப்பட்டிருந்தது, அதற்கான விதியும் இருந்தது. ஆனால் மூன்று தடவையும் வரவில்லை.

காரணம் தேடும்போது நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டியிருக்கிறது. பதிவு அந்தக் கணினியில் பிறந்ததா? மையத்துக்கு வந்து சேர்ந்ததா? விதி அதைப் பிடித்ததா? வந்த எச்சரிக்கையைப் பார்த்து ஒரு மனிதர் முடிவெடுக்க முடியுமா? 'வரவில்லை' என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு நோய் ஒளிந்திருக்கலாம். மருந்தும் வேறு வேறு.

எங்கள் விஷயத்தில் முதல் படியிலேயே அடைப்பு. விண்டோஸில் கோப்புப் பகிர்வுத் தணிக்கை இயல்பாக அணைந்தே இருக்கும். `FS1`இன் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் 5140 ஒன்றுகூட இல்லை. சர்வரில் இந்த ஒரு வரி போதும்:

```
auditpol /set /subcategory:"File Share" /success:enable /failure:enable
```

ஆனால் டொமைனின் குழுக் கொள்கையில் தணிக்கை அமைப்புகள் ஏற்கெனவே வரையறுக்கப்பட்டிருந்தால், கையால் செய்த மாற்றம் அடுத்த புதுப்பிப்பில் அழிந்துவிடும். ஆகவே கொள்கையிலேயே போட்டோம்.

இங்கே ஒரு சிறு விலகல். செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், நிறுவனங்கள் தங்கள் அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. நல்ல விதி. பிறக்காத பதிவை 180 நாள் அல்ல, 180 வருஷம் வைத்திருந்தாலும் என்ன பயன்? தணிக்கையாளர் வந்து "பதிவு வைக்கிறீர்களா?" என்று கேட்பார், ஆம் என்று சொல்லலாம், பொய்யும் இல்லை. எந்தப் பதிவு பிறக்கிறது என்பதைக் கேட்கும் வழக்கம் இன்னும் வரவில்லை.

தணிக்கையை இயக்கிவிட்டு மறுபடி ஓட்டினோம். 5140 பிறந்தது, மையத்துக்கும் வந்தது. எச்சரிக்கை மட்டும் இல்லை. மூன்றாவது படியில் அடைப்பு. நண்பர் வைத்திருந்த விதி `ADMIN$` என்ற பகிர்வை மட்டும் தேடியது. சிக்மா தொகுப்பிலேயே அப்படி ஒரு விதி இருக்கிறது, அதைத்தான் அவரும் எடுத்திருந்தார். `ADMIN$` என்பது விண்டோஸ் கோப்புறைக்கான நிர்வாகப் பகிர்வு. பிஎஸ்எக்ஸெக் போன்ற கருவிகள் அதைத் தொடும். டிட்ராக் தொட்டதோ `C$`. விதியின் பெயர் நிர்வாகப் பகிர்வு என்று பொதுவாக இருந்ததால் இரண்டையும் பிடிக்கும் என்று படிப்பவருக்குத் தோன்றும். ஓட்டிப் பார்க்காமல் இது வெளியே வராது.

விதியை விரித்தோம். உடனே இன்னொரு தொல்லை. உண்மையான அலுவலகம் போல இருக்கட்டும் என்று, வேறொரு கணினியில் இருந்து `svc_backup` என்ற கணக்கு மணிக்கொருமுறை `FS1`இன் `C$`இலிருந்து கோப்புகளை நகலெடுக்கும்படி முன்பே வைத்திருந்தோம். அதுவும் மணி அடிக்க ஆரம்பித்தது. அடிக்கத்தான் வேண்டும், செய்கை ஒன்றே. இங்கே எல்லோரும் செய்கிற வேலை, அந்தக் கணக்கை விலக்குப் பட்டியலில் போடுவது. "அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கும் அடிக்கடி வருதே, அதையும் போட்டுருவோம்" என்பது அடுத்த படி. விமர்சனம் என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். கூடங்குளம் மாதிரியில் எழுதப்பட்டிருந்தது எந்தக் கணக்கு? `administrator`. தாக்குகிறவன் திருட விரும்பும் கணக்குகளும் நாம் சத்தம் தாங்காமல் விலக்கி வைக்கும் கணக்குகளும் ஒன்றேதான்.

எனவே கணக்கை மட்டும் விலக்காமல், கணக்கும் அது வர வேண்டிய முகவரியும் சேர்ந்த ஜோடியாக விலக்கினோம்:

```
detection:
  share:
    EventID: 5140
    ShareName|endswith:
      - '\C$'
      - '\D$'
      - '\ADMIN$'
  known:
    SubjectUserName: svc_backup
    IpAddress: '10.10.5.31'
  condition: share and not known
```

`known` என்ற பகுதியில் இரண்டும் சேர்ந்து பொருந்தினால்தான் விலக்கு. அதே `svc_backup` கணக்கை `PC1`இலிருந்து நான் பயன்படுத்திப் பார்த்தேன். மணி அடித்தது. காப்புச் சர்வரிலிருந்து வழக்கமான ஓட்டம் வந்தபோது அடிக்கவில்லை. இந்த இரண்டாவது சோதனை, அதாவது அடிக்கக் கூடாதபோது அடிக்காமல் இருக்கிறதா என்பது, பயிற்சித் திட்டங்களில் பெரும்பாலும் இருப்பதே இல்லை. `$` என்று முடிவதையெல்லாம் பிடித்துவிடலாமே என்று கேட்கலாம். `IPC$` என்ற பகிர்வும் அப்படித்தான் முடிகிறது. அதைச் சாதாரணப் பயனர்களின் கணினிகளும் ஓயாமல் தொடும்.

விதி திருந்திய பிறகு மூன்று ஓட்டத்துக்கும் மணி அடித்தது. நடுவில் ஒருமுறை மட்டும் குழப்பம். இரண்டாவது ஓட்டத்தை மறுபடி செய்தபோது ஒன்றும் வரவில்லை. விதியில் கோளாறு இல்லை. 5140 ஒரு அமர்வில் முதல் தடவை பகிர்வைத் திறக்கும்போது மட்டும் பதிவாகும். முந்தைய இணைப்பு அறுபடாமல் இருந்ததால் புதுப் பதிவு பிறக்கவில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் `FS1`இல் `Get-SmbSession` கொடுத்து, பழைய அமர்வு இல்லை என்று பார்த்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது. ஆனால் இது சோதனையின் சிக்கல் மட்டும் அல்ல, கண்டறிதலின் எல்லையும்கூட. ஒரு அமர்வைத் திறந்து வைத்துக்கொண்டு பத்துக் கோப்பை நகர்த்தினாலும் 5140 ஒன்றுதான் வரும்.

ஒவ்வொரு கோப்பையும் காட்டும் பதிவு 5145. `MpLogs` என்ற கோப்புறைப் பெயரும், எழுதும் உரிமை கேட்கப்பட்டதும் அதில் தெரியும். அதையும் இயக்கலாமே என்று நண்பர் இயக்கினார். சர்வரில் பிறந்தது, மையத்துக்கு வரவில்லை. இது இரண்டாவது படியின் அடைப்பு. வாஸூவின் விண்டோஸ் முகவரில் வரும் இயல்பான அமைப்பே 5145ஐ அனுப்பாமல் விலக்குகிறது. அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. உழைக்கிற கோப்புச் சர்வர் ஒன்றில் இந்தப் பதிவு மழை போலக் கொட்டும், மையமே மூழ்கிவிடும். நாங்கள் அதை விலக்கிய நிலையிலேயே விட்டோம். அறிக்கையில் மட்டும் தெளிவாக எழுதினோம்: யார், எங்கிருந்து, எந்தப் பகிர்வு என்பது மையத்தில் தெரியும், எந்தக் கோப்பு என்பது சர்வரில்தான் தெரியும், அதுவும் அங்கிருக்கும் பதிவேடு நிரம்பிப் பழையவை அழியும்வரை. இந்த ஒரு வரியை எந்த நிறத்தாலும் சொல்ல முடியாது.

நான்காவது படி மிச்சம். எச்சரிக்கை திரையில் எப்படி வருகிறது என்று பார்த்தோம். முதலில் "நிர்வாகப் பகிர்வு அணுகல்" என்று மட்டும் வந்தது. நண்பர் சொன்னார், "இத வச்சு நான் என்ன பண்ண?" கணக்கு, வந்த முகவரி, பகிர்வு, சர்வர் நான்கையும் தலைப்பு வரியிலேயே வரவைத்தோம். கூடவே ஒரு குறிப்பு: இந்தக் கணக்குக்கு உரியவரைத் தொலைபேசியில் கேள், இப்போது இந்தக் கணினியிலிருந்து வேலை செய்கிறாரா என்று. இதைப் பார்த்தால் ராத்திரி ஷிப்டில் இருப்பவர் மூடிவிட மாட்டார். நேர விஷயத்திலும் ஒரு சின்னத் திருத்தம். மூலப் பதிவில் நேரம் உலகப் பொது நேரம், நாங்கள் பார்ப்பது இந்திய நேரம். ஐந்தரை மணி வித்தியாசம். ராத்திரி 7.10க்கு நடந்ததை 13.40 என்று காட்டும் திரையில் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது.

இவ்வளவுக்கும் ஆனது ஒரு முழு மாலை, ஒரே ஒரு நுட்பம். 'இப்படிப் போனால் அட்டவணை எப்போது முடியும்?' என்று நிர்வாகம் கேட்கும். முடியாதுதான். அட்டவணை முழுவதையும் ஒப்புக்கு ஓட்டுவதைவிட, நம்மைப் போன்ற இடங்களில் உண்மையிலேயே நடந்த நான்கைந்து செய்கைகளை எடுத்து இந்த ஆழத்தில் பார்ப்பது மேல் என்பது என் கட்சி. டிட்ராக்கைப் பற்றி காஸ்பர்ஸ்கி 2019 செப்டம்பரிலேயே விரிவாக எழுதிவிட்டது. 2018இல் இந்திய வங்கிகளின் ஏ.டி.எம்.களைக் குறிவைத்த அதன் உறவுக்காரனைத் தேடும்போதுதான் இது கிடைத்ததாம். கூடங்குளம் மாதிரியின் பகுப்பாய்வும் பொதுவில் கிடைக்கிறது. ஓட்டிப் பார்ப்பதற்கு வேண்டிய எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது.

இந்தப் பயிற்சிக்கு எட்டாதவையும் உண்டு. முதலில் அந்தக் கடவுச்சொல் எப்படிப் போனது என்பதற்கு இது பதில் சொல்லாது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு சில கணினிகளே. ஆயிரம் கணினி உள்ள இடத்தில் நிர்வாகப் பகிர்வைத் தொடும் முறையான வேலைகள் எத்தனையோ இருக்கும், விலக்கு ஜோடிகள் பெருகும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். தவிர, 5140 பிறப்பது தொடப்பட்ட கணினியில். அந்தக் கணினியில் முகவர் இல்லையென்றால் எல்லாம் வீண்.

இந்தக் கடைசி விஷயம் ஒரு மாதம் கழித்து எங்களுக்கே தெரிந்தது. அதே மூன்று ஓட்டத்தை மறுபடி செய்தோம். இந்த முறை `FS1` மட்டுமல்ல, நண்பர் இடையில் சேர்த்திருந்த `FS2` என்ற சர்வரையும் தொட்டோம். `FS1` மூன்றுக்கும் மணி அடித்தது. `FS2` ஒன்றுக்கும் இல்லை. முகவர் ஓடிக்கொண்டிருந்தது, விதியும் சரி. அந்தச் சர்வர் டொமைனில் வேறொரு பிரிவில் சேர்க்கப்பட்டிருந்ததால் தணிக்கைக் கொள்கை அதற்குப் போய்ச் சேரவில்லை. பிரிவை மாற்றி, `gpupdate /force` கொடுத்து, மறுபடி ஓட்டினோம். ஒரு நிமிடத்துக்குள் வந்தது: `LAB\administrator`, `PC1`இன் முகவரி, `C$`, `FS2`.